பேங்க் லெட்டர் வந்தால் உம்மாவுக்கு எப்படிச் சொல்வது?



2025 ஜூன் மாதம் நம்மூர் உம்மா ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். முகத்தில் இரண்டு நாள் தூங்காத களைப்பு. "என் துட்டைப் பேங்க்காரன் எடுத்துக்கிட்டானாம். போலீஸ் கேஸும் இருக்குமாம். நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து மிச்சம் பிடித்த 38,400 ரூபாய் அது. தன் கபன் செலவுக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். பேங்கிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு லெட்டர் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதை போட்டோ எடுத்து, வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். மகன் படித்தவர், உம்மா மீது பாசம் உள்ளவர். வேலை இடைவேளையில் வரிக்கு வரி தமிழாக்கி அனுப்பிவிட்டார். அதைப் பேரப்பிள்ளை உம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறது. அது இப்படி இருந்தது:

"தங்கள் கணக்கு செயலிழந்ததாக வகைப்படுத்தப்பட்டு முடக்கப்பட்டுள்ளது. பற்றுப் பரிவர்த்தனைகள் அனுமதிக்கப்படமாட்டா. 30 நாட்களுக்குள் அடையாள ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் இருப்புத்தொகை நிதிக்கு மாற்றப்படும்."

உம்மாவின் காதில் இதில் மூன்று சொற்கள்தான் விழுந்தன. ஒன்று 'முடக்கம்'. 'வங்கிக் கணக்கு முடக்கம்' என்று டிவியில் சொல்லும்போதெல்லாம், கூடவே ஏதாவது ஒரு வழக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆகவே போலீஸ் கேஸ் என்று நினைத்துவிட்டார். இன்னொன்று 'நிதி'. நிதிக் கம்பெனிகளில் பணத்தைப் போட்டு இழந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அந்தச் சொல்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் அதுதான். மூன்றாவது, 'தவறும் பட்சத்தில்'. தான் தவறு செய்துவிட்டதாக அவர் புரிந்துகொண்டார்.

லெட்டரைக் கையில் வாங்கிப் படித்தோம். அதில் பயப்பட எதுவுமே இல்லை. இதுபோன்ற லெட்டர்கள் பல வீடுகளுக்கு வருகின்றன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகளில் அவை போட்டோவாகத்தான் படிக்கப்படுகின்றன. அதனால் இந்த ஒரு லெட்டரை எடுத்துக்கொண்டு, பெற்றோருக்குப் புரியும் தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறோம்.

முதலில் போட்டோவைப் பாருங்கள்

மகனுக்குப் போன போட்டோவில் லெட்டரின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. கீழே மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி மறைந்திருந்தது. பின்பக்கத்தில் என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. அது அவருக்குப் போகவே இல்லை.

எனவே தமிழாக்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். லெட்டரை மேசையில் விரித்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுக்கட்டும். கணக்கு எண் முழுதாக அச்சாகியிருந்தால் கடைசி நான்கு எண்ணை விட்டு மற்றதை ஒரு துண்டுத் தாளால் மறைக்கச் சொல்லுங்கள். எந்தக் கணக்கு என்று தெரிய நான்கு எண் போதும். குடும்ப குரூப்பில் போட வேண்டாம். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

அடுத்து, அது உண்மையிலேயே பேங்க் லெட்டர்தானா என்று பார்க்க வேண்டும். இந்த லெட்டரில் உம்மாவின் பெயர், முகவரி, கிளையின் பெயர், தேதி எல்லாம் இருந்தன. 'கிளைக்கு வாருங்கள்' என்று மட்டுமே இருந்தது. பேங்க் பெயரில் வரும் தாளோ மெசேஜோ ஒரு லிங்கைத் தொடச் சொன்னால், ஆப் இறக்கச் சொன்னால், ஓடிபி அல்லது ஏடிஎம் ரகசிய எண் கேட்டால், 'இன்றிரவுக்குள்' என்று விரட்டினால், அதைத் தமிழாக்கவே வேண்டாம். 'இது ஏமாத்து வேலை, தொடாதீங்க' என்பதுதான் அதன் தமிழ். சந்தேகம் இருந்தால் அந்தத் தாளில் உள்ள நம்பரைக் கூப்பிடாமல், பாஸ்புக்கில் உள்ள கிளை நம்பரைக் கூப்பிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

லெட்டர் உண்மையில் என்ன சொன்னது?

சொல்லைப் பெயர்ப்பதற்கு முன் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கே புரியாததை அகராதிச் சொல்லால் மூடி அனுப்பினால்தான் இந்த மாதிரி குழப்பம் வருகிறது.

லெட்டரின் முதல் பத்தி, கணக்கு 'இன்ஆபரேட்டிவ்' ஆகிவிட்டது என்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இரண்டு வருடத்துக்கு மேல் கணக்குக்காரர் தானாக எதுவும் செய்யாத கணக்குக்கு அந்தப் பெயர். பேங்க் வட்டி போடுவதும், எஸ்எம்எஸ் கட்டணம் பிடிப்பதும் இதில் சேராது. அவற்றைச் செய்தது பேங்க், நாம் அல்ல. இந்த உம்மா கடைசியாகப் பணம் எடுத்தது 2023 ஜனவரியில். அவருடைய மாதப் பணம் வேறு பேங்கில் விழுகிறது, எனவே இந்தப் பாஸ்புக்கை அவர் தொடவே இல்லை. இரண்டு வருடம் 2025 ஜனவரியில் முடிந்தது. இவ்வளவுதான் நடந்தது. இதில் குற்றமும் இல்லை, அபராதமும் இல்லை. இப்படி ஆன கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது, திரும்ப ஓடவைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது.

இரண்டாம் பத்தி, கேஒய்சி ஆவணங்களை 'லெட்டர் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள்' கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறது. அதுவரை 'டெபிட்' அனுமதி இல்லை. டெபிட் என்பதற்குப் 'பற்று' என்பது சரியான தமிழ்தான், ஆனால் உம்மாவுக்கு அது கணக்குப்பிள்ளையின் பாஷை. 'துட்டு எடுக்க முடியாது' என்றால் முடிந்தது.

மூன்றாம் பத்தி, பத்து வருடம் வரை யாரும் கேட்காத பணம், வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி என்ற பெயரில் ரிசர்வ் வங்கியிடம் உள்ள நிதிக்கு மாறும் என்கிறது. 2014-ல் ஏற்படுத்தப்பட்ட நிதி அது. அடுத்த வரியே, மாறிய பிறகும் கணக்குக்காரரோ வாரிசுகளோ தங்கள் பேங்கிலேயே கேட்டு அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. மடிப்பில் மறைந்தது இந்த வரிதான். மகன் '30 நாள்' என்பதையும் 'நிதிக்கு மாறும்' என்பதையும் ஒரே வாக்கியமாக்கிவிட்டார். லெட்டரில் அவை இரண்டு தனித்தனிப் பத்திகள். ஒன்று முப்பது நாள் சங்கதி, மற்றது பத்து வருடச் சங்கதி.

கடைசிப் பத்தி, 'நாமினி பதிவு செய்யப்படவில்லை, பதிவு செய்யுங்கள்' என்கிறது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

எளிய தமிழ் என்றால் விஷயத்தைக் குறைத்துச் சொல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். 'ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு லெட்டர்' என்று முடித்துவிட்டால் உம்மா பேங்குக்குப் போகவே மாட்டார். சொற்களை மாற்றலாம், வரிசையை மாற்றலாம். தேதி, தொகை, நிபந்தனை ஆகிய மூன்றையும் மாற்றக் கூடாது.

தேதியைப் பாருங்கள். லெட்டரின் தேதி ஜூன் 3. அது வீட்டுக்கு வந்தது ஜூன் 17. போட்டோ போனதும் அன்றுதான். '30 நாளுக்குள்' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் தன் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார். லெட்டர் தேதியிலிருந்து எண்ணினால் கடைசி நாள் ஜூலை 3, வியாழக்கிழமை. கணக்குப் போடும் வேலையை உம்மாவிடம் விடக் கூடாது. தேதியையும் கிழமையையும் நாமே சொல்லிவிட வேண்டும். கூடவே பேங்க் லீவையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் கிடையாது. ஜூன் 28 நான்காவது சனி. அன்று பஸ் ஏறிப் போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்து நிபந்தனை. ஆங்கிலத்தில் 'ரிக்வெஸ்டட்' என்றால் கேட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். 'ஃபெயிலிங் விச்' என்று தொடங்கினால்தான், செய்யாவிட்டால் இன்னது நடக்கும் என்று பொருள். இந்த லெட்டரில் அந்த இரண்டாவது சொல் இல்லவே இல்லை. 'தவறும் பட்சத்தில்' என்பது மகனாகச் சேர்த்தது. அரசாங்கக் காகிதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் கை தானாக எழுதிவிடுகிறது. அதேபோல 'மே' என்றால் நடக்கலாம், 'ஷேல்' என்றால் நடக்கும். நடக்கலாம் என்பதை நடக்கும் என்று மாற்றினால் வீண் பயம். நடக்கும் என்பதை நடக்கலாம் என்று மாற்றினால் அலட்சியம்.

'ஆண்ட்', 'ஆர்' என்ற இரண்டு சிறிய சொற்களையும் கவனியுங்கள். பின்பக்கப் பட்டியலில், ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஏதாவது ஒன்று, அத்துடன் பான் கார்டு அல்லது ஃபார்ம் 60 என்று இருந்தது. உம்மாவிடம் பான் கார்டு இல்லை. அந்த 'அல்லது' தெரியாமல் போயிருந்தால் புது பான் கார்டுக்குப் பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பார். ஃபார்ம் 60 என்பது அப்போது பான் இல்லாதவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு தாள், கிளையிலேயே கிடைத்தது. நம் பெரியவர்கள் எங்கு போனாலும் முதலில் எடுத்துவைப்பது ரேஷன் கார்டு. அது இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஒரு நடை மிச்சம்.

தமிழாக்க வேண்டாத சொற்கள்

'இன்ஆபரேட்டிவ்', 'கேஒய்சி', 'நாமினி', 'ஃபார்ம் 60' ஆகிய நான்கையும் அப்படியே விட்டுவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் இந்தச் சொற்களைத்தான் சொல்வார். 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள் படிவம் கொடுங்க' என்று கேட்டால் அவருக்கும் புரியாது, கேட்ட நமக்கும் புரியாது. சொல்லை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். இன்ஆபரேட்டிவ் என்றால் ரொம்ப நாள் ஓடாமல் கிடக்கிற கணக்கு. கேஒய்சி என்றால் 'நான்தான் இன்னார், இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று காட்டுகிற தாள்கள்.

நாமினி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பலரும் அதை 'வாரிசு' என்று சொல்லிவிடுகிறார்கள். 'பேங்க்ல வாரிசு பேரு கேக்கறாங்க, யார் பேரைப் போட?' என்று கேட்டால், இரண்டு மகன், ஒரு மகள் உள்ள உம்மா என்ன செய்வார்? ஒருவர் பெயரை எழுதினால் மற்றவர்களுக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்று திகைப்பார். சில வீடுகளில் இதிலிருந்து மனவருத்தமும் வந்திருக்கிறது. பேங்கில் நாமினி என்பவர், கணக்குக்காரருக்குப் பிறகு அந்தப் பணத்தைப் பேங்கிடமிருந்து கைநீட்டி வாங்குகிறவர் மட்டும்தான். பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது, வாரிசுதாரர்களுக்குச் சேர வேண்டியதே என்று உச்ச நீதிமன்றமும் 2010-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் அது ஃபராயிளுப்படி பங்காக வேண்டும். ஆகவே 'வாங்கிக் கொடுக்கிற பொறுப்பாளி' என்று சொல்லுங்கள். அப்போது உம்மா நிம்மதியாக ஒரு பெயரைச் சொல்வார்.

'இண்ட்ரஸ்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். கணக்கு ஓடாமல் கிடந்தாலும் சேமிப்புக் கணக்குக்கு உரிய வட்டி தொடர்ந்து வரவு வைக்கப்படும் என்று லெட்டரில் ஒரு வரி இருந்தது. மகன் அதை 'லாபம் ஏறும்' என்று எழுதியிருந்தார். உம்மாவின் மனம் நோகக் கூடாது என்று மென்மையாக்கியிருக்கலாம். ஆனால் வட்டியைத் தன் பணத்தோடு சேர்க்காமல் தனியே பிரித்துவிட நினைக்கிற பெரியவர்களுக்கு, அது வட்டிதான் என்று தெரிய வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கினால் தெரிந்துவிடும். பெயரை மாற்றிச் சொன்னால், முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது போலாகும்.

வரிசையை மாற்றுங்கள்

பேங்க் லெட்டர் விதியில் தொடங்கி, விளைவைச் சொல்லி, செய்ய வேண்டியதைப் பின்பக்கத்தில் வைக்கிறது. பெற்றோருக்கு அந்த வரிசை ஆகாது. அவர் மனதில் முதலில் எழும் கேள்வி, 'என் துட்டு இருக்கா?' என்பது. அதற்குப் பதில் வரும்வரை வேறெதுவும் காதில் ஏறாது. பிறகு, 'எதுக்கு இந்த லெட்டர்?', அதன் பிறகு, 'நான் என்ன செய்யணும், எப்ப, எதைக் கொண்டுபோகணும்?' பத்து வருடச் சங்கதி கடைசியில் ஒரு வரியாக வந்தால் போதும்.

மகனோடு போனில் பேசினோம். அவர் எழுதி அனுப்புவதை விட்டுவிட்டு, குரல் பதிவாகவே அனுப்பினார். எழுதினால் இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். குரல் என்றால் உம்மா எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், சொல்வது மகன்தான் என்ற நம்பிக்கையும் இருக்கும். அவர் பேசியது இது:

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. லெட்டரை ரெண்டு பக்கமும் படிச்சிட்டேன். உங்க துட்டு உங்க பேர்லயே பத்திரமா இருக்கு. யாரும் எடுக்கல. போலீஸு, கேஸு ஒண்ணும் கிடையாது. முன்னாடி நான் அவசரத்துல தப்பா எழுதிட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்க அந்தக் கணக்குல துட்டு போடவும் இல்ல, எடுக்கவும் இல்ல. அதனால ஓடாத கணக்குன்னு தனியா வச்சிருக்காங்க. அதுக்குப் பேருதான் இன்ஆபரேட்டிவ். நீங்க நேர்ல போயி, நான்தான்னு காட்டினா திரும்ப ஓட வச்சிருவாங்க. அதுவரைக்கும் துட்டு எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

வார திங்கக்கிழமை காலையில தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. பாஸ்புக்கு, ஆதார் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, ரெண்டு போட்டோ, இந்த லெட்டர், இதெல்லாம் எடுத்துக்கோங்க. ரேஷன் கார்டு இதுக்கு ஆகாது. பான் கார்டு இல்லைன்னு கவலைப்படாதீங்க. அதுக்குப் பதிலா ஃபார்ம் அறுபதுன்னு கேளுங்க, அங்கேயே தருவாங்க. கவுண்டர்ல, 'கணக்கு இன்ஆபரேட்டிவ் ஆயிருச்சு, கேஒய்சி குடுக்க வந்திருக்கேன்'னு சொல்லுங்க. இதுக்குக் காசு கிடையாது.

ஜூலை மூணு, வியாழக்கிழமைக்குள்ள வரச் சொல்லி எழுதியிருக்காங்க. பிந்தினாலும் துட்டு போயிராது. ஆனாலும் திங்கக்கிழமையே போயிருங்க. சனிக்கிழமை வேண்டாம், இருபத்தெட்டாம் தேதி லீவு.

நாமினின்னு ஒரு பேரு கேப்பாங்க. அது வாரிசு இல்ல. பேங்க்ல இருந்து வாங்கிக் குடுக்கிற பொறுப்பு மட்டும்தான். யார் பேருன்னு நீங்களே யோசிச்சு வைங்க.

பத்து வருஷம் யாருமே கேக்காம விட்டா ரிசர்வ் வங்கிக்கு மாத்தி வைப்பாங்கன்னும் போட்டிருக்கு. அப்பக்கூட கேட்டா திரும்பத் தருவாங்க. நம்ம கணக்கு அதுவரைக்கும் போகாது.

இதைப் பத்தி யாராவது போன் பண்ணி நம்பர் கேட்டா வச்சிருங்க. பேங்க்ல அப்படிக் கேக்க மாட்டாங்க."

கேட்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. லெட்டரில் உள்ள விஷயம் எதுவும் விடுபடவில்லை. வட்டி வரியை மட்டும் மகன் தனியாகப் போன் செய்து சொன்னார்.

புரிந்ததா என்று தெரிந்துகொள்வது

'புரிஞ்சுதா உம்மா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது வாப்பா' என்றுதான் பதில் வரும். பிள்ளையைச் சங்கடப்படுத்த எந்தத் தாயும் விரும்ப மாட்டார். அதற்குப் பதிலாக, 'தங்கச்சி கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். இந்த உம்மா, "துட்டு இருக்கு. திங்கக்கிழமை ஆதாரைக் கொண்டுபோயி காட்டணும். பான் கார்டுக்குப் பதிலா அறுபது" என்றார். மூன்று விஷயமும் சரி. எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வரியை மட்டும் வேறு சொல்லில் திரும்பச் சொன்னால் போதும்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. லெட்டரில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறார்கள். பீவி என்பதே ஒரு தாளில் இரண்டு 'ஈ' போட்டும், இன்னொன்றில் ஒற்றை 'ஐ' போட்டும் இருக்கும். இந்த உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அதை முன்கூட்டியே பார்த்ததால், இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினோம். பார்க்காமல் போயிருந்தால் கவுண்டரில் 'பேரு ஒத்து வரலை' என்ற ஒரு வார்த்தையில் திரும்பி வந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை, ஜூன் 23 அன்று உம்மாவும் மகளும் போனார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டதும் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கான படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அந்த மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்பது நம் உரிமை. முழு விண்ணப்பம் கொடுத்தால் மூன்று வேலை நாட்களுக்குள் கணக்கை ஓடவைக்க வேண்டும். வியாழக்கிழமை மறுபடி போய் 500 ரூபாய் எடுத்து, பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி வந்தார். அந்தப் பதிவுதான் கணக்கு திரும்ப ஓடுகிறது என்பதற்கு அடையாளம். 'சரி பண்ணிட்டோம்' என்ற வாய்வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள்.

நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு கேஒய்சி தாள்களை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் வசதி பேங்குகளில் இருக்க வேண்டும் என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எல்லாக் கிளையிலும் உடனே கிடைத்துவிடுவதில்லை. மேலாளரிடம் எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களால் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறோம். லெட்டரில் கடன், ஜாமீன், வக்கீல் நோட்டீஸ், நீதிமன்றம் என்ற சொற்கள் வந்தால் எளிய தமிழாக்கம் மட்டும் போதாது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்ட விளைவு உண்டு. என்ன வந்திருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அசல் தாளோடு வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

அடுத்த முறை வீட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தால், இரண்டு பக்கமும் வாங்கிப் படித்து, 'துட்டு இருக்கு' அல்லது 'இல்லை' என்பதை முதல் வரியாக வைத்துப் பேசுங்கள். புரியாத லெட்டர் இருந்தால், அசர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.